அறிய விரும்புகிறோமா, வேண்டுகிறோமா, கோருகிறோமா?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாநகராட்சி, குடிநீர் வாரியம், மின்வாரியம் என்று நம் சங்கத்திலிருந்து போகும் இமெயில்கள் கூடிக்கொண்டே இருக்கின்றன. அரசு அலுவலகத்துக்கு மரியாதையாக எழுதுவது எப்படி என்று பத்து நிமிடம் பேசுங்கள் என்றார் செயலாளர். மரியாதையைப் பற்றி நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. நம்மவர்கள் மரியாதையாகத்தான் எழுதுகிறார்கள். சில கடிதங்களில் அது கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 'நமக்கு என்ன வேண்டும்' என்பதைச் சொல்லும் அந்த ஒரு வினைச்சொல்லில் இருக்கிறது. அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் 'ஆஸ்க்' என்று போட்டால் மொட்டையாக இருக்கிறது என்று நினைத்து என்கொயர், ரிக்வெஸ்ட், சீக் என்று எழுதுகிறார்கள். அது சரிதான். ஆனால் மூன்றும் ஒரே பொருள் என்று எண்ணி, ஒரே சொல் திரும்ப வராமல் இருப்பதற்காக முதல் பத்தியில் ஒன்று, அடுத்த பத்தியில் ஒன்று என்று மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். பள்ளிக் கட்டுரையில் இதற்கு மதிப்பெண் கிடைத்தது. அலுவலகத்தில் அது குழப்பத்தைத்தான் உண்டாக்கும். ஏன் என்று சொல்கிறேன்.

பல ஆண்டுகள் தபால் பிரித்த கை என்பதால் உள்ளே நடப்பதைச் சுருக்கமாகச் சொல்ல முடியும். கடிதமோ இமெயிலோ வந்ததும் அதற்கு ஓர் எண் விழும். பிறகு அது எந்தப் பிரிவுக்கு உரியதோ அந்தப் பிரிவின் உதவியாளரிடம் போகும். அவர் தன் பதிவேட்டில் யாரிடமிருந்து, என்ன பொருள் என்று ஒன்றிரண்டு வரியில் எழுதிக்கொள்வார். அந்த ஒன்றிரண்டு வரிதான் அதன் பிறகு உங்கள் கடிதம். மேலதிகாரி கேட்டாலும் அந்த வரியைத்தான் சொல்வார்கள். உதவியாளர் உங்கள் மூன்று பத்தியில் தேடுவது ஒரே ஒரு விஷயத்தை: 'இவருக்கு என்ன வேண்டும்?'

அதற்கு மூன்று விடைகள்தான் உண்டு. ஒன்று, இவர் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள விரும்புகிறார். அப்படியானால் பதில் எழுதினால் போதும். இரண்டு, நாம் ஒரு வேலையைச் செய்ய வேண்டும் என்கிறார். அப்படியானால் களப் பணியாளருக்கு அனுப்ப வேண்டும். மூன்று, நம்மிடம் அனுமதியோ சான்றோ நகலோ கேட்கிறார். அப்படியானால் விதி, படிவம், கட்டணம், கையெழுத்திடும் அதிகாரம் யாருக்கு என்று பார்க்க வேண்டும். ஆங்கிலத்தின் என்கொயர் முதலாவதற்கும், ரிக்வெஸ்ட் இரண்டாவதற்கும், சீக் மூன்றாவதற்கும் பொருந்தும். தமிழிலும் ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் இருக்கிறது.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். தெரிந்துகொள்ள விரும்பினால் 'அறிய விரும்புகிறோம்' அல்லது 'தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்' என்று எழுதலாம். என்கொயர் என்ற சொல்லை அப்படியே தமிழில் போடுகிறேன் என்று 'விசாரிக்கிறோம்' என்று எழுதாதீர்கள். கடையில் விலை விசாரிக்கலாம், உறவினரிடம் உடல்நலம் விசாரிக்கலாம். அலுவலகத்தில் விசாரணை என்றால் யார்மீதோ குற்றச்சாட்டு வந்திருக்கிறது என்று பொருள். 'எங்கள் தெருவில் சாலைப் பணி தாமதமாவது குறித்து விசாரிக்குமாறு' என்று எழுதினால், பணி எப்போது முடியும் என்று நீங்கள் கேட்டதாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பொறியாளர்மீது புகார் வந்திருக்கிறது என்று பதிவாகும். அவர் அதற்கு விளக்கம் எழுதத் தொடங்குவார். சாலை அப்படியே கிடக்கும். ஆங்கிலத்திலும் இந்த வேறுபாடு உண்டு. பிரிட்டிஷ் வழக்கில் 'இ' என்ற எழுத்தில் தொடங்கும் என்கொயர் சாதாரணமாகக் கேட்டறிவதற்கும், 'ஐ' எழுத்தில் தொடங்கும் இன்கொயர் முறையான விசாரணைக்கும் என்று பிரித்து எழுதுபவர்கள் பலர்.

அறிய விரும்புகிறோம் என்பதில் இன்னொரு எல்லை இருக்கிறது. அந்தச் சொல்லுக்குக் கிடைப்பது பதில் மட்டுமே. 'விளக்குகள் எப்போது சரிசெய்யப்படும் என்று அறிய விரும்புகிறோம்' என்றால், 'விரைவில் சரிசெய்யப்படும்' என்ற பதிலோடு அந்தக் கோப்பு முடிந்தது. அவர்கள் ஏமாற்றவில்லை. நீங்கள் கேட்டதைக் கொடுத்துவிட்டார்கள். வேலை நடக்க வேண்டும் என்பது நோக்கமாக இருந்தால் அறிய விரும்புவதில் பயனில்லை.

அடுத்தது வேலை செய்யச் சொல்வது. இதற்குத் தமிழில் 'வேண்டுகிறோம்', 'கேட்டுக்கொள்கிறோம்' என்ற இரண்டும் நல்ல சொற்கள். இங்கே ஒரு சின்ன விகுதி கடிதத்தின் குரலையே மாற்றிவிடும். 'நான்கு விளக்குகளையும் சரிசெய்ய வேண்டும்' என்பது உத்தரவு. 'சரிசெய்து தர வேண்டுகிறோம்' என்பது வேண்டுகோள். வேண்டும், வேண்டுகிறோம் இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவைதான். ஆனால் முதலாவது எதிரில் இருப்பவரின் கடமையைச் சொல்கிறது, இரண்டாவது நம் விருப்பத்தைச் சொல்கிறது. அவசரத்தில் தட்டச்சு செய்யும்போது 'வேண்டும்' என்று முடித்துவிடுகிறோம். நம் மனத்தில் பணிவு இருக்கும், கடிதத்தில் அது இருக்காது.

'கேட்கிறோம்', 'கேட்டுக்கொள்கிறோம்' என்பதும் இப்படித்தான். கேட்கிறோம் என்று மட்டும் நின்றால் கணக்குக் கேட்பதுபோல இருக்கும். 'கொள்' சேர்ந்ததும் தணிந்துவிடுகிறது. இந்தச் சொல்லில் எனக்குப் பிடித்த விஷயம், இது இரண்டு பக்கமும் செல்லுபடியாகும் என்பது. அலுவலகம் நமக்கு எழுதும்போதும் 'வரியை உரிய காலத்தில் செலுத்துமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்றுதான் எழுதுகிறது. அவர்கள் நம்மிடம் பேசும் அதே சொல்லில் நாம் அவர்களிடம் பேசுகிறோம். அதில் பணிவு இருக்கிறது, கெஞ்சல் இல்லை. எனவே 'தங்கள் பொற்பாதம் பணிந்து', 'மிகமிகத் தாழ்மையுடன்' எல்லாம் தேவையில்லை. 'பணிவுடன்' என்று ஒருமுறை வந்தால் போதும்.

பணிவைவிட முக்கியம், வேண்டுகிறோம் என்ற சொல்லுக்கு முன்னால் நிற்கும் செயல். பெரும்பாலான கடிதங்கள் 'தக்க நடவடிக்கை எடுக்குமாறு' அல்லது 'ஆவன செய்யுமாறு' என்று முடிகின்றன. ஆங்கிலத்தில் 'டூ த நீட்ஃபுல்' என்பதும் இதே ரகம். தக்க நடவடிக்கை எது என்று முடிவு செய்யும் வேலையை அவர்களிடமே விட்டுவிடுகிறோம். ஒப்பந்ததாரருக்கு ஒரு போன் போட்டாலும் அது நடவடிக்கைதான். 'நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது' என்று பதில் வந்தால் நாம் மறுக்க முடியாது. விளக்கை மாற்றுமாறு, பள்ளத்தை மூடுமாறு, அடைப்பை எடுக்குமாறு என்று கண்ணால் பார்க்கக்கூடிய செயலை எழுதினால், நடந்ததா இல்லையா என்பதில் சந்தேகம் வராது.

மூன்றாவது, கோருவது. ஆங்கிலத்தின் சீக். அனுமதி கோருகிறோம், தடையின்மைச் சான்று கோருகிறோம், வரைபடத்தின் நகல் கோருகிறோம். விதிப்படி ஒருவருக்குத் தரக்கூடிய ஒன்றை, தரும் அதிகாரம் உள்ளவரிடம் கேட்பதுதான் கோருதல். அதனால் இந்தச் சொல்லில் ஓர் உறுதி இருக்கிறது. கோரிக்கை என்ற சொல்லே அதிலிருந்துதான் வந்தது. குழாய் அடைப்பை எடுக்கச் சொல்லும் சாதாரணக் கடிதத்தில் கோருகிறோம் என்று போட்டால் கொஞ்சம் விறைப்பாகத் தெரியும். அனுமதிக்கும் நகலுக்கும் அதுவே சரியான சொல். ஆனால் கோருவதற்குப் பெரும்பாலும் படிவமோ கட்டணமோ ஆவணமோ இருக்கும். அவை இல்லாமல் இமெயிலில் கோரினால், 'உரிய முறையில் விண்ணப்பிக்கவும்' என்று ஒரு வரி பதில் வரும். ஆகவே கோருவதற்கு முன்னால் ஓர் இமெயிலில் 'இதற்கான விண்ணப்ப முறையையும் கட்டணத்தையும் அறிய விரும்புகிறோம்' என்று எழுதுவது நல்லது. இங்கே முதல் சொல் உண்மையிலேயே பயன்படுகிறது.

இப்போது ஒரு கடிதத்தை வைத்துப் பார்ப்போம். எடுத்துக்காட்டுக்காக நானே எழுதியது. ஆனால் உங்களுக்குப் பழகிய கடிதமாகத்தான் இருக்கும்.

'மதிப்பிற்குரிய ஐயா, எங்கள் தெருவில் பல நாட்களாக விளக்குகள் எரிவதில்லை. முதியவர்களும் குழந்தைகளும் மிகவும் சிரமப்படுகிறார்கள். இது ஏன் என்று விசாரிக்கிறோம். மேலும் பாதுகாப்புக்காக எங்கள் செலவில் விளக்குக் கம்பத்தில் கேமரா பொருத்த வேண்டும். எப்போது சரியாகும் என்று தெரிவிக்கவும். தக்க நடவடிக்கை எடுக்குமாறு மிகத் தாழ்மையுடன் கோருகிறோம்.'

உதவியாளர் இடத்தில் உட்கார்ந்து இதைப் படியுங்கள். ஏன் எரியவில்லை என்று கேட்கிறார்கள், எப்போது சரியாகும் என்று கேட்கிறார்கள், கேமரா பொருத்தச் சொல்கிறார்களா அனுமதி கேட்கிறார்களா என்று தெரியவில்லை, கடைசியில் தக்க நடவடிக்கை என்கிறார்கள். நான்கில் எது எளிது? எப்போது என்ற கேள்விக்குப் பதில் எழுதுவது. 'பழுது குறித்து ஒப்பந்ததாரருக்குத் தெரிவிக்கப்பட்டுள்ளது, விரைவில் சரிசெய்யப்படும்' என்று ஒரு பதில் போகும். கேமரா பற்றி ஒரு வார்த்தையும் இருக்காது. அந்த அனுமதியைத் தரும் அதிகாரம் இந்தப் பிரிவுக்கு இல்லாமலும் இருக்கலாம்.

இதில் இரண்டு கடிதங்கள் இருக்கின்றன. பிரித்து எழுதுவோம். முதல் கடிதம் இது:

'பொருள்: தெருவிளக்குப் பழுது – நான்கு விளக்குகளைச் சரிசெய்து தர வேண்டுதல் – தொடர்பாக.

ஐயா, எங்கள் தெருவில் கம்ப எண்கள் 11, 12, 14, 15 ஆகியவற்றில் உள்ள விளக்குகள் இம்மாதம் 3ஆம் தேதி முதல் எரியவில்லை. கம்பங்களின் புகைப்படங்கள் இணைக்கப்பட்டுள்ளன. இந்த நான்கு விளக்குகளையும் சரிசெய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.'

அவ்வளவுதான். முதியவர்களின் சிரமத்தை ஒரு வரி சேர்க்க விரும்பினால் சேர்க்கலாம். ஆனால் கடைசி வரி இதுவாகவே இருக்கட்டும். பொருள் வரியிலேயே வினைச்சொல் வந்துவிட்டதைக் கவனியுங்கள். 'தெருவிளக்கு – தொடர்பாக' என்று மட்டும் எழுதினால், என்ன வேண்டும் என்பதை உதவியாளர் தன் சொல்லில் எழுதிக்கொள்வார். வினைச்சொல்லோடு எழுதினால் நம் சொல்லே பதிவேட்டில் ஏற வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது கடிதம்:

'பொருள்: விளக்குக் கம்பத்தில் கண்காணிப்புக் கேமரா பொருத்துதல் – அனுமதி கோருதல் – தொடர்பாக.

ஐயா, எங்கள் குடியிருப்பின் நுழைவாயிலுக்கு எதிரே உள்ள கம்ப எண் 12இல் சங்கத்தின் செலவில் ஒரு கண்காணிப்புக் கேமரா பொருத்த அனுமதி கோருகிறோம். சங்கத் தீர்மானத்தின் நகல் இணைக்கப்பட்டுள்ளது. இதற்குத் தனி விண்ணப்பமோ கட்டணமோ இருப்பின் அவற்றின் விவரத்தையும், அனுமதி வழங்கும் அலுவலரின் பதவியையும் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.'

ஏன் எரியவில்லை என்ற கேள்வியை விட்டுவிட்டேன். விளக்கு எரிந்தால் அது நமக்குத் தேவையில்லை.

இரண்டு மூன்று வாரம் ஆகியும் எரியவில்லை என்றால்? அப்போது வரும் சொல் 'நினைவூட்டுகிறோம்'. புதுக் கடிதமாக மறுபடி தொடங்கக் கூடாது. புது எண் விழுந்து பழையது தனியாகத் தூங்கும். 'பார்வை' என்று போட்டு, முந்தைய இமெயிலின் தேதியையும், பதில் வந்திருந்தால் அதில் உள்ள ந.க. எண்ணையும் எழுத வேண்டும். அதற்கும் பலனில்லை என்றால் மேலதிகாரிக்கு எழுதும் கடிதத்தில் 'வலியுறுத்துகிறோம்' என்று எழுதலாம். முதல் கடிதத்திலேயே வலியுறுத்திவிட்டால், மூன்றாவது கடிதத்தில் எழுதுவதற்குச் சொல் மிஞ்சாது. ஆங்கிலத்தில் டிமாண்ட் என்ற சொல்லையும் அப்படியே கடைசிவரை வைத்திருங்கள்.

கடைசியாக, 'தகவல் கோருதல்' பற்றி. இது 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேட்பது. அறிய விரும்புகிறோம் என்பது வெறும் விருப்பம். இங்கே அறிவது உரிமை. 6ஆவது பிரிவின்படி எழுதினால் 7ஆவது பிரிவின்படி 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று அவர்கள் கேட்கக் கூடாது, நாமும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். சாதாரண இமெயிலில் இந்தச் சட்டத்தின் பெயரை எழுதிவிட்டால் மட்டும் போதாது. கட்டணம் சேர வேண்டும். தமிழ்நாட்டில் அது 10 ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டலாம். அடுத்து, சட்டம் இந்த உரிமையைக் குடிமக்களுக்குத் தருகிறது. எனவே சங்கத்தின் பெயரில் மட்டும் எழுதாமல் ஒருவர் தன் பெயரில், தன் கையெழுத்தோடு கேட்பதே பாதுகாப்பு.

மூன்றாவது நம் சொல் பற்றியது. இந்தச் சட்டத்தில் தகவல் என்றால், பதிவாக அலுவலகத்தில் ஏற்கெனவே இருப்பது. 'விளக்கு ஏன் எரியவில்லை?' என்று கேட்டால் அது விளக்கம் கேட்பது. அப்படி ஒரு பதிவு எங்களிடம் இல்லை என்று பதில் வரலாம். அதே கேள்வியை இப்படிக் கேட்கலாம்: 'மேற்கண்ட கம்ப எண்கள் குறித்து இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை புகார்ப் பதிவேட்டில் உள்ள பதிவுகளின் நகலையும், அவற்றைச் சரிசெய்ய ஒப்பந்ததாரருக்கு வழங்கிய பணி ஆணையின் நகலையும் கோருகிறேன்.' ஏன் எரியவில்லை என்பதற்கான விடை அந்த நகல்களில் இருக்கும். பணி ஆணையே கொடுக்கப்படவில்லை என்றால், அதுவும் பதிலில் தெரிந்துவிடும். 'ஏன்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'நகல்' என்ற சொல்லை வைத்தோம், அவ்வளவுதான்.

தமிழில் எழுதினால் மதிப்பார்களா என்று இரண்டு பேர் என்னிடம் கேட்டார்கள். குறை தீர்க்கக் கோரும் மனுவை மாநிலத்திலோ ஒன்றியத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் எந்த அலுவலருக்கும் அளிக்கலாம் என்று அரசமைப்பின் 350ஆவது பிரிவு சொல்கிறது. மாநில அரசு அலுவலகத்தில் கோப்பு தமிழில்தான் நடக்கிறது. நீங்கள் தமிழில் எழுதினால் உதவியாளர் மொழிபெயர்க்கும் வேலை மிச்சம், நீங்கள் போட்ட வினைச்சொல்லும் மாறாமல் இருக்கும். ஆங்கிலத்தில்தான் கை வருகிறது என்பவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு: ரிக்வெஸ்ட், சீக் இரண்டையும் வினையாக எழுதும்போது பின்னால் 'ஃபார்' வராது. என்கொயர் என்பதற்குப் பின்னால் 'அபௌட்' வரும்.

சங்கத்தின் இமெயில் இனி போகும்போது, அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன் பொருள் வரியையும் கடைசி வரியையும் மட்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரே வினைச்சொல் இருந்தால் அனுப்பலாம். வேறு வேறு இருந்தால், அங்கே இன்னொரு கடிதம் ஒளிந்திருக்கிறது. அதைத் தனியாக எழுதி அனுப்புங்கள். இந்த இரண்டு மாதிரிக் கடிதங்களையும் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். வேண்டியவர்கள் வாங்கிக்கொள்ளலாம்.